டப்பாவின் அடியில் இருப்பது இரண்டா, ஐந்தா? தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உணவு டப்பா தயாரிப்பவர்களுக்கும் அவற்றின் அச்சை வடிவமைப்பவர்களுக்கும் வணக்கம்.

காலி டப்பாவின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, "இதில் மறுபடியும் சாப்பாடு வைக்கலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. பிளாஸ்டிக் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவன் என்பதால் கேட்கிறார்கள். பதில் சொல்வதில் பாதி வேலை, நீங்கள் பொறித்திருப்பது என்ன என்று கண்டுபிடிப்பதிலேயே போய்விடுகிறது.

ஒரு படத்தைச் சொல்கிறேன். பால் நிறத்தில் ஒளி ஊடுருவும் டப்பா. முக்கோணத்துக்குள் 2 என்ற எண், பக்கத்தில் கோப்பையும் முள்கரண்டியும், சற்றுத் தள்ளி தனியாக ஒரு 8. அனுப்பியவர் 2 என்றால் அடர் பாலிஎத்திலீன் என்று தேடிப் பார்த்துவிட்டார். 8-க்குத்தான் அவருக்குப் பொருள் கிடைக்கவில்லை. கிடைக்காது, பிளாஸ்டிக் வகை எண்கள் 1 முதல் 7 வரைதான். அந்த 8, ஒரே அச்சில் உள்ள பல குழிகளில் எதில் இந்த டப்பா வார்க்கப்பட்டது என்று உங்கள் ஆலைக்குச் சொல்லும் எண். அது 3 ஆக இருந்திருந்தால் பிவிசி என்று பயந்து தூக்கிப் போட்டிருப்பார்.

பெரிய சிக்கல் அந்த 2-ல் இருந்தது. முக்கோணத்தின் அம்புகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடின. வழக்கமாக அவை கடிகாரத் திசையில் ஓடும். கீழே இருந்த எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் qq மாதிரி தெரிந்தது. விஷயம் புரிந்துவிட்டது: டப்பாவின் உள்ளே இருந்து படம் எடுத்திருக்கிறார். கண்ணாடியில் பார்த்ததுபோல் PP இடவலம் மாறியிருக்கிறது, அதேபோல் 5 திரும்பி 2 ஆகியிருக்கிறது. டப்பாவைக் கவிழ்த்து, பின்னால் கறுப்புத் துணி வைத்து, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து மறுபடி எடுக்கச் சொன்னேன். எழுத்தின் விளிம்பில் நிழல் விழுந்ததும் 5 பளிச்சென்று தெரிந்தது.

இரண்டும் உணவுக்குப் பயன்படும் பிளாஸ்டிக்தானே, என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். ஆறிய உணவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கொதிக்கும் நீரின் சூட்டில் 5, அதாவது PP என்ற பாலிப்ரொப்பிலீன், வடிவம் குலையாமல் நிற்கும். பாலிஎத்திலீன் தளரத் தொடங்கும். அவர் கேட்டதே சூடாக ஊற்றி வைப்பதைப் பற்றித்தான்.

இன்னொன்று. 2013-ல் இந்தக் குறியீட்டுத் தரநிலை, சுற்றும் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணத்தை வைத்துக்கொண்டது. அம்பு இருந்தால் மறுசுழற்சிக்கு உகந்தது என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள் என்பதால் அது நல்ல மாற்றம்தான். ஆனால் படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று காட்டிக்கொடுத்த ஒரு தடயமும் அதோடு போனது. இனி எழுத்துகளை மட்டுமே நம்ப வேண்டும். அவற்றையோ நீங்கள் கடுகளவு பொறிக்கிறீர்கள்.

சரி, எண்ணைப் படித்தாயிற்று. மறுபடி பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு அது பதிலே இல்லை. 1988-ல் இந்த எண்களை உருவாக்கியது கழிவைத் தரம் பிரிப்பவர்களுக்காக; சமையலறைக்காக அல்ல. கோப்பை-முள்கரண்டிக் குறியும் முழுப் பதில் தருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1935/2004 விதிப்படி அது "உணவைத் தொடலாம்" என்று மட்டும் சொல்கிறது. பார்த்தாலே உணவுக்கானது என்று தெரியும் பொருளில் அந்தக் குறி கட்டாயம்கூட இல்லை. அதனால் குறி இல்லை என்பதற்காக ஒரு டப்பாவை ஒதுக்கவும் முடியாது.

உங்களுக்குத் தெரிந்தது ஒன்று, எங்களுக்குத் தெரியாமல் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கான பொருள் என்றால், அதிலிருந்து உணவில் கசிவது எவ்வளவு என்று அதே மாதிரியில் மூன்று முறை அடுத்தடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு முறை பயன்பாட்டுப் பொருளுக்கு அது தேவையில்லை. இரண்டின் அடியிலும் இருப்பதோ ஒரே கோப்பை, ஒரே முள்கரண்டி! எந்தச் சோதனைக்காக அதைச் செய்தீர்கள் என்பது படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியப்போவதில்லை. அதனால்தான் 5 தெளிவாகத் தெரிந்த பிறகும், அவரிடம் "ஆறிய, உலர்ந்த பொருள் வையுங்கள், சூடானதும் எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம், கீறலோ மங்கலோ விழுந்தால் விட்டுவிடுங்கள்" என்று தயங்கித்தான் சொன்னேன்.

கேட்பது இவ்வளவுதான். கோப்பை-முள்கரண்டிக்குப் பக்கத்தில் ஒரு முறைக்கா, பல முறைக்கா என்பதையும், தாங்கும் அதிகபட்ச வெப்பநிலையையும் பொறியுங்கள். எழுத்தைச் சுற்றியுள்ள பரப்பைச் சொரசொரப்பாக விட்டால், பளபளப்பான எழுத்து எந்த போனிலும் தெரியும். குழி எண்ணை முக்கோணத்திலிருந்து தள்ளி, விளிம்போரம் வையுங்கள். அப்புறம் மூடி: அடிப்பாகம் ஒரு பிளாஸ்டிக், மூடி வேறு பிளாஸ்டிக் என்றால், மூடியிலும் இதே விவரங்கள் தனியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் டப்பாவைத் தூக்கிப் போட மனமில்லாத ஒருவன்