லிஃப்ட் தீர்மானத்துக்கு எத்தனை பக்கம்?

அன்புள்ள சேகர்,

கடிதமும், உங்கள் சங்கத்தின் இரண்டு கூட்டங்களுக்கு நீ எழுதி அதோடு வைத்திருந்த மினிட்ஸும் கிடைத்தன. இங்கே எல்லாரும் நலம். முட்டிவலி கொஞ்சம் அடங்கியிருக்கிறது, காலையில் நடக்கப் போகிறேன். ஓய்வு பெற்ற கையோடு நீ அடுக்குமாடிச் சங்கத்துக்குச் செயலாளராகிவிட்டாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். கம்பெனி செகரட்டேரியல் பிரிவில் நான் குப்பை கொட்டியது கடைசியில் உனக்காவது உதவட்டும்.

மாதாந்திரச் செயற்குழுவுக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். லிஃப்ட் மாற்றுவதற்காகக் கூட்டிய சிறப்புப் பொதுக்குழுவுக்கு அரைப் பக்கம். இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஏன் இப்படி ஆனது என்று ஊகிக்க முடிகிறது. மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பேசினார்கள், எழுதிக்கொள்ள முடிந்தது. லிஃப்ட் கூட்டத்தில் ஒரே கூச்சல், எதை எழுதினாலும் ஒருவர் சண்டைக்கு வருவார். அதனால் 'நீண்ட விவாதத்துக்குப் பின் பெரும்பான்மையோர் ஆதரவுடன் நிறைவேறியது' என்று முடித்துவிட்டாய்.

முதலில் அந்த நான்கு பக்கத்தைப் பார்ப்போம். மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்வதற்கு முக்கால் பக்கம்: பாசி வருகிறது என்று ஒருவர் சொன்னார், போன வருஷம் வந்த ஆள் சரியில்லை என்று இன்னொருவர் சொன்னார், தலைவர் சமாதானம் சொன்னார். இதற்கு ஒரு வரி போதும்: 'இரண்டு மேல்நிலைத் தொட்டிகளையும் மார்ச் 15-க்குள் சுத்தம் செய்வது; செலவு 6,000 ரூபாய்க்கு மிகாமல்; பொறுப்பு இணைச் செயலாளர்.' என்ன முடிவு, யார் செய்வது, எப்போதுக்குள், எவ்வளவு வரை. யாரும் பின்னால் எதிர்க்கப்போகாத விஷயத்தில் வேறு எதையும் யாரும் தேடமாட்டார்கள். இப்படி எழுதினால் நான்கு பக்கம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

ஆனால் அதே மாதக் கூட்டத்தில் செக்யூரிட்டி ஏஜென்சியை நீக்க முடிவெடுத்திருக்கிறீர்கள். அதை மட்டும் ஒற்றை வரியில் விட்டிருக்கிறாய். நாளைக்கு அந்த ஏஜென்சி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால்? எந்தெந்தத் தேதியில் புகார் வந்தது, ஒப்பந்தப்படி எத்தனை நாள் முன்னறிவிப்பு, அவர்களிடம் விளக்கம் கேட்டீர்களா, இந்த முடிவெடுக்கச் செயற்குழுவுக்கு எந்த விதிப்படி அதிகாரம், இவ்வளவும் இருக்க வேண்டும். ஆகவே கூட்டத்தைப் பார்த்து நீளத்தைத் தீர்மானிக்காதே. பொருள் நிரலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகத் தீர்மானி. மூன்று வருஷம் கழித்து, அன்று கூட்டத்துக்கு வராத ஒருவர் இதை எதிர்த்தால் என்ன கேட்பார் என்று யோசித்தாலே போதும்.

இப்போது லிஃப்ட். சர்ச்சையான கூட்டத்துக்கு விரிவாக எழுது என்றதும் பலரும் பேச்சை விரிவாக எழுதப் போய்விடுகிறார்கள். அது இன்னும் மோசம். விரிய வேண்டியது நடைமுறை: எதை வைத்து முடிவெடுத்தீர்கள், எந்த வரிசையில், எதிர்த்தவர்களுக்குப் பேச வாய்ப்புக் கிடைத்ததா. நீ கடிதத்தில் எனக்கு விவரமாகச் சொன்னதையே மினிட்ஸில் எழுதியிருக்கலாம். மாதிரிக்கு நான் எழுதிப் பார்த்தேன்:

'மொத்தம் 48 வீடுகள். நேரில் வந்தவர்கள் 33, பதிலாள் கடிதம் மூலம் 5, கடிதங்கள் சரிபார்க்கப்பட்டன. கோரம் இருப்பதைத் தலைவர் உறுதி செய்தார். பழைய லிஃப்ட் பற்றிய ஆய்வறிக்கையும் மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகளும் முன்வைக்கப்பட்டன. இரண்டு லிஃப்டுக்குமான செலவு 24 லட்சம். கார்பஸ் நிதியிலிருந்து 6 லட்சம் போக, வீட்டுக்கு 37,500 ரூபாய் வீதம் வசூலிக்கும் தீர்மானம் முன்மொழியப்பட்டு வழிமொழியப்பட்டது.

தரைத்தள உரிமையாளர்கள் லிஃப்டைப் பயன்படுத்துவதில்லை என்பதால் அவர்களுக்குப் பாதிப் பங்கு போதும் என்று சிலர் வாதிட்டனர். பொது வசதிச் செலவை எல்லா வீடுகளும் சமமாக ஏற்க வேண்டும் என்று துணைவிதி இருப்பதை மற்றவர்கள் சுட்டினர். பாதிப் பங்கு என்ற திருத்தம் முதலில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது: ஆதரவு 14, எதிர்ப்பு 21, நடுநிலை 3, தோல்வி. பின்னர் மூலத் தீர்மானம்: ஆதரவு 24, எதிர்ப்பு 11, நடுநிலை 3, நிறைவேறியது.'

துணைவிதியின் எண்ணையும் விலைப்புள்ளிகளின் தேதிகளையும் நீ சேர்த்துக்கொள். இரண்டு தரப்பு வாதமும் ஏறக்குறைய ஒரே நீளத்தில், யார் பேசினார் என்ற பெயரில்லாமல் இருப்பதைக் கவனி. தோற்ற தரப்பின் காரணம் பதிவாகியிருப்பதுதான் ஜெயித்த தீர்மானத்துக்குப் பாதுகாப்பு. அதைக் கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள் என்று காட்டுகிறது அல்லவா? 'பெரும்பான்மையோர்' என்ற வார்த்தை எதையும் காட்டாது, எண்ணிக்கைதான் காட்டும்.

அப்புறம் அந்தக் கமிஷன் விவகாரம். செயலாளர் கமிஷன் வாங்கிவிட்டார் என்று ஒருவர் கத்தினார் என்றாயே, அதை அப்படியே எழுதக் கூடாது. உனக்குக் கோபம் வருவது நியாயம்தான், ஆனால் மினிட்ஸ் பதில் சொல்லும் இடமில்லை. கம்பெனிச் சட்டம் 2013-இன் 118-ஆவது பிரிவு, ஒருவரை அவதூறு செய்வது, விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது, கம்பெனியின் நலனுக்குக் கேடானது ஆகிய மூன்றையும் விட்டுவிடத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் சங்கம் கம்பெனி இல்லை, அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் அளவுகோல் நல்லது. அதே சமயம், முழுதாக விழுங்கினால் மறைத்துவிட்டாய் என்பார்கள். கேள்வியை வைத்துக்கொண்டு குற்றச்சாட்டை விடு: 'விலைப்புள்ளிகள் எவ்வாறு பெறப்பட்டன என்று ஓர் உறுப்பினர் கேட்டார். செயலாளர் விளக்கமளித்தார். ஆவணங்களை உறுப்பினர்கள் அலுவலகத்தில் பார்வையிடலாம் என்று தெரிவிக்கப்பட்டது.' பொருளாளரின் மைத்துனர் அந்த மூன்றில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்வதாக எழுதியிருந்தாய். அதை அவர் கூட்டத்தில் சொல்லிவிட்டு வாக்களிக்காமல் இருந்தார் என்றால் கட்டாயம் பெயரோடு பதிவு செய். பெயர் தேவைப்படும் இடம் அது.

எதிர்த்தவர் தன் பெயரையும் பதிவு செய்யச் சொன்னால் செய்துவிடு. இயக்குநர் குழுக் கூட்டங்களில் எதிர்த்த இயக்குநரின் பெயரைக் குறிப்பிடச் சட்டமே சொல்கிறது. ஆனால் தான் பேசியது முழுவதும் வர வேண்டும் என்று தரைத்தளக்காரர் கேட்பது வேறு. ஒருவர் பேச்சை முழுதாகப் போட்டால் எல்லார் பேச்சையும் போட வேண்டும். எழுத்தில் தரச் சொல், தலைவர் சம்மதித்தால் இணைப்பாக வை. அதற்கும் அவதூறு விதி பொருந்தும். வக்கீலிடம் ஆலோசனை கேட்டிருந்தால் 'சட்ட ஆலோசனை பெறப்பட்டது' என்பதோடு நிறுத்து. மினிட்ஸ் எல்லா வீட்டுக்கும் போகும். வழக்குப் போடப்போகிறவரும் அதைத்தான் படிப்பார்.

வரைவை இரண்டு வாரத்துக்குள் சுற்றுக்கு விட்டு, திருத்தம் சொல்ல ஒரு வாரம் கொடு. வருகிற திருத்தங்களில் 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்பதைச் சரிபார்த்து ஏற்கலாம். 'நான் சொல்ல நினைத்தது இது' என்பதை ஏற்காதே. அடுத்த கூட்டத்தில் அங்கீகரிக்கும்போது யாராவது தரைத்தளப் பங்கை மறுபடி கிளப்புவார்கள். அங்கே கேள்வி, நடந்தது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பது மட்டுமே. முடிவை மாற்ற வேண்டுமானால் தனியாகத் தீர்மானம் கொண்டுவரட்டும்.

சுற்றுக்கு விடுமுன் வரைவை எனக்கு அனுப்பு. அந்த ஐந்து பதிலாள் கடிதங்களையும் பத்திரமாக ஃபைலில் வை. முதலில் கேட்கப்போவது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்,
கணேசன்