மலையோட்டமும் சளியும்

கோரிமேடு, சேலம்

அன்பு மாப்ள,

ஓட்டம் கூடும் வாரமெல்லாம் சளி பிடிக்கிறது, வைட்டமின் சி போடலாமா, ஜிங்க் போடலாமா என்று கேட்டிருந்தாய். போன வருடம் எனக்கும் இதே கூத்துதான். இரண்டரை மாதத்தில் மூன்று தடவை!

டைரியைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது. மூன்று தடவையும் ஞாயிறு ஏற்காடு மலைப்பாதையில் ஏறிவிட்டு, புதன்கிழமை வாக்கில் தொண்டை கரகரத்திருக்கிறது. உடம்பு இளைக்கட்டும் என்று வெறும் வயிற்றில் வரக்காப்பியோடு இரண்டரை மணி நேரம் ஓடுவேன். அடிவாரம் திரும்பியும் பத்து மணி வரை பட்டினிதான். நீண்ட ஓட்டத்தில் சர்க்கரை இறங்க இறங்க உடம்பு கார்ட்டிசாலை அதிகம் சுரக்கும். அது நோயெதிர்ப்பு அணுக்களை அடக்கி வைக்கும்.

இப்போது கிளம்புமுன் இரண்டு இட்லி. ஓடும்போது மணிக்கு 30 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து. அரை லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, எலுமிச்சை, உப்பு கலந்தால் ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும். கூட ஒரு வாழைப்பழம். இறங்கியதும் அரை மணிக்குள் தயிர்சாதம், முட்டை. இளைக்கும் திட்டத்தை ஓட்டம் குறைந்த வாரங்களுக்குத் தள்ளிவிட்டேன். அதன் பிறகு சளி ஒரே ஒரு தடவைதான். சாப்பாடு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன், தூக்கத்தையும் ஒரு மணி நேரம் கூட்டியிருந்தேன்.

வைட்டமின் சி விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. சாதாரண ஆட்கள் தினம் போட்டாலும் சளி வருவது குறைவதில்லை. ஆனால் மாரத்தான் ஓடியவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்த சிப்பாய்கள் என்று சுமார் 600 பேரிடம் நடந்த ஐந்து ஆய்வுகளில் அது பாதியாகக் குறைந்தது. முன்கூட்டியே தினம் எடுத்தவர்கள் அவர்கள். சளி பிடித்த பிறகு ஆரம்பித்தால் பெரிதாகப் பலனில்லை. அளவு 250 மில்லிகிராமிலிருந்து ஒரு கிராம் வரை. ஒரு நடுத்தரக் கொய்யாவிலேயே 250-ஐத் தொட்டுவிடலாம், மாத்திரை எதற்கு? மாதக்கணக்கில் தினம் ஒரு கிராம் விழுங்கினால் பயிற்சியால் தசைக்குக் கிடைக்கும் முன்னேற்றமே மட்டுப்படலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. நான் கடினமான இரண்டு மூன்று வாரங்களுக்குக் கொய்யாவோ நெல்லிக்காயோ தவறவிடுவதில்லை, அவ்வளவுதான்.

ஜிங்க் வராமல் தடுக்கும் என்று நம்பாதே. தொண்டை அரித்த 24 மணி நேரத்துக்குள் சப்பும் மாத்திரையாக ஆரம்பித்தால் சளி ஓரிரு நாள் சீக்கிரம் விடலாம், அதுவும் உறுதியில்லை. வாயெல்லாம் உலோகக் கசப்பு, வெறும் வயிற்றில் குமட்டல். வாரக்கணக்கில் அதிக அளவு எடுத்தால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரலாம். மூக்கில் விடும் ஜிங்க் மருந்து பக்கமே போகாதே, சிலருக்கு வாசனையே தெரியாமல் போயிருக்கிறது.

அப்புறம், அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா? ஞாயிறு காலை ஐந்து மணிக்கு அடிவாரத்தில் நிற்பேன். வெறும் வயிற்றோடு வந்தால் ஏறவிடமாட்டேன்.

உன்,
சேலத்துக்காரன்