முதல் கட்டுரையையும் எடுத்துப் பார்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் படபடவென்று பேசிக்கொண்டே போனாய். இங்கே உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு "சாப்பிட்டாளான்னு கேளுங்க" என்று விலாவில் குத்திக்கொண்டிருந்தாள். அதில் நான் உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை. காலையில் யோசித்தபோது, எழுதினால்தான் சரியாக வரும் என்று பட்டது.

உன் கல்லூரி வகுப்பில், ஆகஸ்டு மாதக் கட்டுரையில் 25க்கு 11 வாங்கிய பையன், அக்டோபரில் 22 வாங்கும்படி எழுதியிருக்கிறான். "யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்கப்பா, திங்கட்கிழமை துறைத் தலைவர்கிட்ட சொல்லிடப் போறேன்" என்றாய். திங்கட்கிழமை சொல்லாதே தாயி. ஒரு வாரம் பொறு.

1998 வாக்கில், நான் மேலூர்ப் பக்கம் வாத்தியாராக வேலை பார்த்தபோது, பதினொன்றாம் வகுப்பில் ஒரு பையன். பின் பெஞ்சு, வாயே திறக்க மாட்டான். முதல் கட்டுரை திருமலை நாயக்கர் மகாலைப் பற்றி. வகுப்பிலேயே முக்கால் மணி நேரத்தில் எழுதச் சொன்னேன். "1636இல் கட்டப்பட்டது, தூண்கள் பெரியவை, மிகவும் அலகு" என்று ஒரு பக்கத்தோடு முடித்துவிட்டான். 'அழகு' அவனுக்கு 'அலகு'தான். 9 மதிப்பெண் போட்டேன்.

அடுத்தது, உங்கள் ஊர்க் கண்மாய். வீட்டில் எழுதி வர பத்து நாள் கொடுத்தேன். ஆறு பக்கம் கொண்டு வந்தான். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலுங்கில் நட்டிருக்கும் கற்களுக்கு இடையே பலகை வைத்து மண்ணை அணைத்தால் கூடுதலாக அரையடித் தண்ணீர் நிற்கும்; மழை வலுத்த ராத்திரி அந்தப் பலகையை எடுக்காமல் விட்டால் கரை போய்விடும் என்று எழுதியிருந்தான். அப்படி எடுக்கப் போய் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றதையும் எழுதியிருந்தான். எனக்கே அதில் பாதி தெரியாது. உன் அப்பன் என்ன செய்தேன் தெரியுமா? ஓரத்தில் சிவப்பு மையில் "இதை எழுதியது யார்?" என்று எழுதி, வகுப்பில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியே நோட்டைக் கொடுத்தேன்.

மறுநாள் அவன் தாத்தா வந்துவிட்டார். தோளில் துண்டு, கையில் நோட்டு. அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. சிவப்பு மையைக் காட்டி, "ஐயா, நான் சொன்னதுல எதும் தப்பா இருக்குதுங்களா?" என்று கேட்டார். அந்தக் கண்மாய்க்கு நாற்பது வருசமாக, மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி அவர்தான்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் இரண்டு கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, பிரித்துப் பார்த்தேன். நான் செய்திக்கு 10, அமைப்புக்கு 5, மொழிக்கு 10 என்று போடுவேன். முதல் கட்டுரையில் 3, 2, 4. இரண்டாவதில் 9, 4, 5. மொழி ஏறவே இல்லை என்று சொல்லலாம். அதே ல, ள, ழ குழப்பம், அதே ஒற்றுப் பிழை. "வெல்லம் கரையை உடைத்தது" என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறான். ஒரு கண்மாய் வெல்லம்! படித்தவர் யாராவது எழுதிக் கொடுத்து அவன் பார்த்து எழுதியிருந்தால், மொழியும் சேர்ந்து ஏறியிருக்கும். ஏறியது செய்தி மட்டும்தான். அது எங்கிருந்து வந்தது என்று தாத்தாவே வந்து சொல்லிவிட்டார்.

ஆனால் பிழையை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிடாதே. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லச் சொல்ல எழுதினாலும் பிழை அவனுடையதாகத்தான் இருக்கும். வாக்கியம் யாருடையது என்று பிழை சொல்லாது. அதனால் பையனைக் கூப்பிட்டு, கட்டுரையில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்: "கண்மாயில் தண்ணி குறைஞ்சா எந்த மடை முதல்ல நிக்கும்?" மேட்டு மடைதான் முதலில் நிற்கும், பள்ள மடையில் கடைசி வரை ஓடும், அதனால் அந்தப் பக்கத்து வயல்காரர்களோடு வருசா வருசம் சண்டை என்று பத்து நிமிசம் விடாமல் பேசினான். ரஃப் நோட்டையும் கொண்டு வரச் சொன்னேன். தாத்தா சொன்னதைக் கண்டபடி கிறுக்கி வைத்திருந்தான். எதை முதலில் சொல்வது என்று அவன் அக்கா ஓரத்தில் எண் போட்டுக் கொடுத்திருந்தாள். அது உதவிதான். உதவி வாங்கக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்?

எனக்கு உறைத்தது வேறொன்று. இரண்டாவது கட்டுரையைத்தான் நான் சந்தேகப்பட்டேன். முதல் கட்டுரையை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. அந்த 9 அவன் தரம்தான் என்று எப்படி முடிவு கட்டினேன்? அவன் அதுவரை மகாலைப் பார்த்ததே இல்லை. முக்கால் மணி நேரத்தில், பார்க்காத ஒன்றைப் பற்றி எழுதியதை, பத்து நாள் எடுத்து, பிறந்ததிலிருந்து பார்க்கிற ஒன்றைப் பற்றி எழுதியதோடு வைத்து எடை போட்டிருக்கிறேன். தராசின் ஒரு தட்டில் படி, இன்னொன்றில் மரக்கால்.

உன் மாணவனுடைய ஆகஸ்டு கட்டுரையை எடு. அது அவன் கல்லூரிக்கு வந்து எத்தனையாவது வாரம்? தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவன், ஆங்கிலத்தில் எழுதிய முதல் கட்டுரை அதுதானோ? அக்டோபருக்கு முன்னால் நல்ல கட்டுரை ஒன்றை வகுப்பில் வாசித்துக் காட்டினேன் என்று நீயே போன மாதம் சொன்னாய். உன் குறிப்புகளை அவன் படித்துத் திருத்திக்கொண்டானா என்றும் பார். "மேற்கோளுக்கு ஆதாரம் இல்லை" என்று நீ எழுதியது இந்தத் தடவை சரியாகியிருந்தால், அது உன் சம்பாத்தியம்.

எல்லா ஏற்றமும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. பின்னாளில் மூன்று நோட்டில் ஒரே பத்தி, வார்த்தை மாறாமல் வந்தது; டியூஷனில் எழுதிப்போட்டது. அதில் ஒரு பிள்ளையிடம், "இந்த வரியை எடுத்துட்டா கட்டுரைக்கு என்ன குறையும்?" என்று கேட்டேன். வெறுமனே வரியைப் பார்த்தாள். தானே எழுதியவர்கள், பதில் தெரியாவிட்டாலும், அந்த வரி ஏன் வந்தது என்று ஏதாவது சொல்லி மல்லுக்கட்டுவார்கள். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகளும் வெறுமனேதான் பார்ப்பார்கள் என்பதால், அவளை மறுநாளும் கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் முடிவு செய்தேன்.

நீ அவனை மட்டும் தனியாகக் கூப்பிடாதே. நாலைந்து பேரைக் கூப்பிடு, நன்றாக எழுதுகிறவர்களையும் சேர்த்து. ஆளுக்குப் பத்து நிமிசம், கதவு திறந்திருக்கட்டும். "யார் எழுதினது?" என்று கேட்காதே, "இந்த இடத்துக்கு எப்படி வந்தே?" என்று கேள். ரஃப் தாள் இருந்தால் கொண்டு வரச் சொல். இல்லை என்றாலும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதே, பாதிப் பேர் கசக்கிப் போட்டுவிடுவார்கள். அதற்குள் அந்த 22ஐக் குறைக்கவும் வேண்டாம்.

நான் அந்த நோட்டில் எழுதிய சிவப்பு மையை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். தாள் கிழிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. இரண்டு கட்டுரையையும் கையில் வைத்துக்கொண்டு பேசு, எது ஏறியிருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று வாசித்துச் சொல். அம்மாவை அன்றைக்குக் கோயிலுக்கு அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா