இறகை வெட்டினால் புதிது முளைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில், இரண்டு இறக்கைகளிலும் இடைவெளி தெரிகிற ஒரு காகத்தையும், வால் பாதியில் முறிந்த இன்னொரு இளம் காகத்தையும் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டுமே சத்துக்குறைவால் வந்த நோய் என்று பதில் சொன்னவர், பிடிக்க முடிந்தால் சேதமான இறகுகளைக் கத்தரித்துவிடும்படியும், புதியவை சீக்கிரம் முளைத்துவிடும் என்றும் எழுதியிருக்கிறார். பறவைகளுக்குக் கால் வளையமிட்டு ஆராய்கிற குழு ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். நோய் பற்றிய கருத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கத்தரிக்கோல் யோசனையை அப்படி விட முடியாது. தயவுசெய்து அதற்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

வளர்ந்து முடிந்த இறகு, நகத்தைப் போல, உயிரற்ற பொருள். கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் இரத்த ஓட்டம் இல்லை. தேய்ந்தால் தேய்ந்ததுதான், உடலால் அதைச் செப்பனிட முடியாது. பறவை அலகால் கோதும்போது, பிரிந்துபோன இழைகளின் நுண்கொக்கிகள் மீண்டும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். வெயிலும் உராய்வும் அரித்த ஓரம் திரும்ப வராது. ஆகவே ஒவ்வொரு இறகையும் உதிர்த்துவிட்டு அதே குழியிலிருந்து புதிது வளர்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் குழி எப்போது வேலையைத் தொடங்கும்? பழைய இறகு அடியோடு வெளியேறும்போதுதான். பாதியில் வெட்டினால் அடித்தண்டு குழியிலேயே தங்கிவிடும், அடுத்த இறகுதிர்வுக் காலம் வரை அங்கே எதுவும் முளைக்காது. கூண்டுக்கிளியின் இறக்கையை வெட்டிவிடுகிறவர்கள் நம்பியிருப்பது இந்த உண்மையைத்தான்.

வெட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வளர்ந்துகொண்டிருக்கும் இறகு மெல்லிய உறைக்குள் சுருண்டு, குச்சிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் தண்டில் இரத்தம் ஓடும். பார்ப்பவருக்கு அது சேதமான இறகாகவே தோன்றும். அதைக் கத்தரித்தால் இரத்தம் கொட்டும். சிறிய பறவைக்கு அந்த இழப்பு சாதாரணமானதல்ல.

இனி அந்த இடைவெளிக்கு வருவோம். காகத்தின் ஒவ்வொரு இறக்கையிலும், கை எலும்போடு இணைந்த நீண்ட இறகுகள் பத்து இருக்கின்றன. முதன்மை இறகுகள் என்பவை இவை. பறவையை முன்னோக்கி உந்துவது முக்கியமாக இவற்றின் வேலை. முன்கை எலும்பில் வரிசையாக நிற்கும் இரண்டாம்நிலை இறகுகள்தான் உடலைத் தூக்கிப் பிடிக்கும் பரப்பைத் தருகின்றன. குஞ்சு பொரிக்கும் காலம் முடிகிற தறுவாயில், முதன்மை இறகுகளில் உடலுக்கு மிக அருகில் உள்ளது முதலில் உதிரும். பிறகு அதற்கு வெளிப்புறம் உள்ளது, பிறகு அடுத்தது என்று நுனி நோக்கி வரிசை நகரும். வலது இறக்கையில் எது விழுகிறதோ, இடதிலும் ஏறக்குறைய அதே சமயத்தில் அதே எண்ணுள்ள இறகு விழும். சமநிலை கெடாமல் பறக்க அதுதான் வழி.

வளையமிடுகிறவர்கள் இதற்கு மதிப்பெண் போடுவார்கள். பழைய இறகுக்கு 0, விழுந்துவிட்டது அல்லது உறைக்குள்ளேயே இருக்கிறது என்றால் 1, முழுதாக வளர்ந்த புதிய இறகுக்கு 5. ஓர் இறக்கையின் பத்து முதன்மை இறகுகளுக்கும் கூட்டினால் 0 என்றால் இன்னும் தொடங்கவில்லை, 50 என்றால் முடிந்துவிட்டது. வாசகர் பார்த்த காகம் இதற்கு இடையில் எங்கோ இருந்திருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே இடத்தில் இடைவெளி என்று அவரே எழுதியிருக்கிறாரே! நோய்க்கு அந்த ஒழுங்கு வராது.

ஆனால் எல்லாப் பறவைகளும் இப்படி ஒவ்வொன்றாக உதிர்ப்பதில்லை. எந்த இறகு எப்போது விழலாம் என்பதை அந்த இறகின் வேலைதான் முடிவு செய்கிறது. மரங்கொத்தி வாலை முட்டுக்கொடுத்து மரத்தில் நிற்கிறது. பல பறவைகள் வாலின் நடு இறகுகளை முதலில் உதிர்க்கும்போது, மரங்கொத்தி மற்றவற்றை மாற்றி முடித்த பிறகே அந்த வலுவான நடு இணையை விடுகிறது. வாத்தின் உடல் கனமானது, அதற்கு இறக்கை சிறியது. இரண்டு இறகு குறைந்தாலே பறப்பது பெரும்பாடு. அதனால் பறக்கும் இறகுகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் உதிர்த்துவிட்டு, மூன்று நான்கு வாரங்கள் பறக்காமலே நீரோரப் புதர்களில் மறைந்திருந்து சமாளிக்கிறது.

பெரிய கழுகால் அப்படிப் பறக்காமல் இருக்க முடியாது, இரை பிடிக்க வழியின்றிப் பட்டினி கிடக்க நேரும். அதன் கணக்கோ வேறு மாதிரியானது. அரை மீட்டர் நீளமுள்ள முதன்மை இறகு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஓர் இறகுக்கே நூறு நாள் பிடிக்கும். பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வளர்த்தால் ஆயிரம் நாள்! எனவே இறக்கையின் வெவ்வேறு இடங்களில் ஒரே சமயத்தில் மாற்றம் நடக்கும், அப்படியும் ஓராண்டில் முடியாமல் போவதுண்டு. கழுகின் இறக்கையில் கருத்த புதிய இறகும் வெளிறிய பழைய இறகும் மாறி மாறித் தெரிவது இதனால்தான்.

உடலை மூடும் இறகுகள் சிறுகச் சிறுக மாறுவதால் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. வெளியே தெரிபவை மழையையும் காற்றையும் தடுக்கின்றன. அவற்றின் அடியில் உள்ள தூவிகளில் கொக்கி கிடையாது, கலைந்து கிடப்பதாலேயே காற்றைப் பிடித்து வைத்துச் சூட்டைக் காக்கின்றன. இவற்றோடு, முடிபோன்ற நுண்ணிறகுகளும் உண்டு. அவற்றின் வேரில் நரம்புகள் நெருக்கமாக இருப்பதால், பக்கத்து இறகு இடம் பெயர்ந்தால்கூடப் பறவைக்குத் தெரிந்துவிடும். சில மைனாக்கள் தலை இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிட்டுச் சில வாரங்கள் மொட்டைத் தலையோடு திரியும். பார்க்கப் பரிதாபமாக இருக்கும், ஆனால் அநேகமாகத் தானே சரியாகிவிடும்.

முறிந்த வாலைப் பொறுத்தவரை, சத்துக்குறைவு என்ற பதிலில் ஓரளவு உண்மை இருக்கலாம். கூட்டிலிருக்கும் குஞ்சின் வால் இறகுகள் எல்லாம் ஒன்றாக வளர்கின்றன. இரை கிடைக்காத நாளில் வளரும் பகுதி மெலிந்து, ஒவ்வோர் இறகின் குறுக்கிலும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் ஒரு கோடு விழும். பின்னாளில் வால் அந்தக் கோட்டிலேயே நேராக முறிகிறது. வளர்ந்த பறவையின் இறகுகள் வெவ்வேறு நாளில் வளர்வதால் கோடுகள் ஒரே வரிசையில் அமைவதில்லை. அதாவது முறிந்த வால் காட்டுவது என்றோ கூட்டில் கிடந்த பட்டினியை, இன்றைய நோயை அல்ல. இளம் காகம் முதல் ஆண்டில் உடல் இறகுகளை மாற்றும், ஆனால் இறக்கை, வால் இறகுகளை அடுத்த ஆண்டின் இறகுதிர்வு வரை வைத்திருக்கும். அதுவரை இருக்கிற பாதி வாலோடு அது சமாளித்துக்கொள்ளும். அதையும் கத்தரித்தால் அடுத்த ஆண்டு வரை மொட்டை வால்தான்.

நோயென்று சந்தேகிக்க வேண்டிய நிலைகளும் இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் இறகு போயிருப்பது, வெறும் தோல் தெரியும் இடத்தில் வாரக்கணக்கில் ஒரு முளைகூட எட்டிப்பார்க்காதது, முளைக்கும் இறகெல்லாம் திருகி விகாரமாக இருப்பது. கிளிகளில் இந்தக் கடைசி அறிகுறி அலகையும் இறகையும் தாக்கும் ஒரு வைரஸால் வரக்கூடியது, பிற கிளிகளுக்கும் தொற்றும். அத்தகைய கிளியைத் தனியே வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இங்ஙனம்,
பறவை வளையமிடும் குழுவிலிருந்து ஒரு வாசகர்