ஒரு ரூபாய்க்கு 975 ரூபாய் வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

கொடைக்கானலில் ஒரு ஹோட்டலின் ரிசப்ஷனில் பல வருடங்களாகப் பில் போடுகிறேன். சனிக்கிழமை தங்கியவர்கள் மறுநாள் காலை சாவியைக் கொடுக்கும்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “நேத்து வாடகை 700 ரூபாய்தானே கூட, பில் எப்படி இவ்வளவு ஏறுச்சு?”

ஒரு குடும்பத்தின் பில்லையே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வாடகை 7,200. ஜிஎஸ்டி வரி 5 சதவீதம், அதாவது 360 ரூபாய், மொத்தம் 7,560. சனிக்கிழமை அதே அறை 7,900. வரி 18 சதவீதம், 1,422 ரூபாய், மொத்தம் 9,322. வாடகையில் 700 ரூபாய் கூடியதற்குக் கையிலிருந்து போனது 1,762 ரூபாய்.

2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பலரும் வருமான வரி மாதிரி 7,500-ஐத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் வரி என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, முழு வாடகைக்கும் 18 சதவீதம் விழுகிறது. 7,500 ரூபாய் அறைக்கு வரி 375. 7,501 ஆனால் 1,350-க்கும் மேல். முன்பு இதே எல்லையில் விகிதம் 12-லிருந்து 18 ஆனது. இப்போது கீழ்ப்படி 5 ஆகக் குறைந்ததால் பள்ளம் இன்னும் ஆழமாகிவிட்டது.

விகிதத்தை முடிவு செய்வது அறிவிப்புப் பலகையில் இருக்கும் வாடகை அல்ல, அந்த இரவுக்கு உண்மையில் வாங்கும் தொகை. அந்தக் குடும்பத்துக்கு 400 ரூபாய் தள்ளுபடி கொடுத்து 7,500-க்கு முடித்திருந்தால் மொத்தம் 7,875 ரூபாயோடு போயிருக்கும், அவர்களுக்கு 1,447 ரூபாய் மிச்சம். ஆனால் 5 சதவீதத்தில் விற்கும் அறைக்கு, ஹோட்டல் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பதால் எல்லா முதலாளியும் இதற்குச் சம்மதிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு நிதியாண்டில் ஏதாவது ஓர் அறை ஒரே ஓர் இரவு 7,500-க்கு மேல் போனாலும், அடுத்த ஆண்டு முழுக்க அந்த ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் காபிக்கும் 18 சதவீதம். 2025 ஏப்ரலிலிருந்து இப்படித்தான்.

வருமான வரியில் எல்லையைச் சற்றே தாண்டியவருக்கு, தாண்டிய தொகையைவிடக் கூடுதலாக வரி ஏறாதபடி விளிம்பு நிவாரணம் உண்டு. அதையே இங்கும் கொண்டுவரலாம். அப்படியானால் 7,900 ரூபாய் அறைக்கு 375-உடன் 400 சேர்த்து வரி 775 ரூபாய்தான். சுமார் 8,690 ரூபாய் வரை இந்த நிவாரணம் கிடைக்கும். அதற்கு மேல் வழக்கமான 18 சதவீதமே இருக்கட்டும். ஜிஎஸ்டி கவுன்சிலில் நம் மாநில அரசு இதைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கொடைக்கானல்