கொச்சிக்கடையில் எது பழசு?

அன்பு மகளுக்கு,

சுற்றுலா வழிகாட்டி அனுமதிப்பத்திரம் கைக்கு வந்துவிட்டதென்று நீ அனுப்பிய செய்தியை அப்பா வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் காட்டிவிட்டார். நீ திருகோணமலையிலிருந்து மாற்றலாகி வந்ததும் நான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் சனிக்கிழமை காலை நடைகளை உன்னிடமே விட்டுவிடுகிறேன். கொழும்புக் கொட்டாஞ்சேனையின் மேடு இறக்கத்தை இனி என் முழங்கால் தாங்காது. தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீயும் நானும் வேறு கதைக்குப் போய்விடுவோம், அதனால்தான் எழுதுகிறேன். பாடத்தில் உனக்கு ஆண்டுகளும் அரசர்களும் சொல்லித் தந்திருப்பார்கள். எங்கள் தெருவில் நின்று அதை எப்படிச் சொல்வது என்பதுதான் இந்தக் கடிதம்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலிலேயே தொடங்கு, அதுவும் காலை 7 மணிக்கே. ஒன்பதரைக்கு மேல் வெளிவீதிக் கருங்கல் சுடத் தொடங்கிவிடும். செருப்பில்லாமல் நடந்து பழகாதவர்கள் துள்ளத் தொடங்கினால் நீ சொல்வது எதுவும் காதில் ஏறாது. வாசலில் நிற்கிறவரிடம் ஆண்கள் சட்டை கழற்ற வேண்டுமா, எதுவரைக்கும் படம் எடுக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் கேள். உனக்குத் தெரிந்திருந்தாலும் கேள். வந்தவர்கள் முன்னால் நீ கேட்பதைப் பார்த்தால் அவர்களும் அடக்கமாக நடப்பார்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, இது எத்தனை வருடப் பழசு என்பதுதான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கேள்வியாகக்கூடக் கேட்பதில்லை, "சோழர் காலம்தானே?" என்று முடிவே செய்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வண்ணம் பூசிய கோபுரங்களைப் பார்த்துக்கொண்டு கொழும்புக்குள் வந்தவர்கள் இங்கே வந்தால், பூச்சே இல்லாத கருங்கல், வரிசையாகச் சிற்பத் தூண்கள், உள்ளே அரை இருட்டு. எண்ணெய்ப் புகையும் கற்பூரப் புகையும் படிந்து தூண்கள் கன்னங்கரேலென்று இருக்கின்றன. கண் தானாகவே ஆயிரம் வருடம் என்று கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்குக்கு ஆமாம் போடுகிற கைட்மார் உண்டு. கேட்டால், வந்தவர் சந்தோஷமாகப் போகட்டுமே என்பார்கள்.

நீ உள்ளதைச் சொல். பொன்னம்பல முதலியார் இந்தக் கோயிலைக் கட்டியது 1856 அளவில். அவருடைய மகன் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912இல் முடித்துக் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். நாம் இன்று பார்ப்பது அந்தக் கட்டடம். ஆக, கல்லின் வயது நூற்றுச் சொச்சம். இதைக் கேட்டதும் சிலருடைய முகம் வாடும். அங்கே விட்டுவிடாதே, அடுத்த வசனத்தை உடனே சொல். ரயிலும் டிராமும் ஓடிய ஆங்கிலேயர் காலத்துத் துறைமுக நகரத்தில், ஒரு சட்டத்தரணி பழைய தென்னிந்திய முறையிலேயே முழுக் கோயிலையும் கல்லில் எழுப்பியிருக்கிறார். ஆயிரம் வருடக் கோயில்கள் அவர்கள் ஊரிலேயே இருக்கின்றன. இப்படி ஒன்றை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

யாராவது விடாமல், "அதற்கு முன்னால் இங்கே பழைய கோயில் இருந்திருக்கலாமே?" என்று கேட்டால் ஒரு கணக்கு வைத்திரு. போர்த்துக்கீசர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் கோட்டை போட்டார்கள். 1656இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள், 1796இல் ஆங்கிலேயர். முதல் இரண்டு பேரும் தங்கள் மதத்தைத் தவிர வேறெதையும் கோட்டைக்குப் பக்கத்தில் இலகுவில் விட்டுவைத்தவர்கள் இல்லை. துறைமுக ஓரத்தில் ஒரு கட்டடம் ஆயிரம் வருடமாக நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், இந்த இருநூற்றெண்பது வருடமும் அது எப்படித் தப்பியது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். கொழும்பில் எந்த இடத்தின் வயதைக் கேட்டாலும் நான் முதலில் போட்டுப் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

அப்புறம் இராமநாதனைப் பற்றி. நம் ஆட்கள் அவரைச் சொல்லும்போது ஒரு பக்கத்தை மட்டும் சொல்வார்கள். 1915 கலவரத்தின்போது ஆங்கிலேயர் சிங்களத் தலைவர்களைச் சிறையில் போட்டார்கள், இவர் அவர்களுக்காக வாதாடினார், அவர்கள் இவரை வண்டியில் ஏற்றித் தாங்களே இழுத்துப் போனார்கள். அவ்வளவும் உண்மை, சொல். ஆனால் அந்தக் கலவரத்தில் அடிபட்டவர்கள் முஸ்லிம்கள். அடிபட்ட தங்களுக்காக அவர் பேசவில்லை என்ற மனத்தாங்கல் அவர்களிடம் இன்னும் இருக்கிறது. எல்லோருக்கும் வாக்குரிமை கொடுப்பதையும் அவர் எதிர்த்தார். உன் குழுவில் புறக்கோட்டையில் பிறந்து லண்டனில் குடியேறிய ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கலாம். அவர்கள் முன்னால் வண்டிக் கதையை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கப் பார்க்காதே. கோயில் கட்டியவரைக் கோயிலுக்குள் நின்று எடைபோடவும் தேவையில்லை. இந்தப் பகுதியை வெளியே தெருவுக்கு வந்து நடந்துகொண்டே சொல்.

அங்கிருந்து புனித அந்தோனியார் கோயில் கிட்டத்தான். இங்கே சரித்திரமும் நம்பிக்கையும் ஒரே கதைக்குள் பின்னிக் கிடக்கின்றன. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது, குருமார் ஒளிந்துதான் ஊழியம் செய்தார்கள். இது சரித்திரம். அந்தோனியோ என்ற குருவானவர் வணிகர் வேடத்தில் இங்கே வந்தார், கடல் கரையை அரித்துக்கொண்டு வந்தபோது மீனவர்கள் அவரிடம் முறையிட்டார்கள், அவர் கரையில் சிலுவையை நட்டு மூன்று நாள் செபித்தார், கடல் பின்வாங்கியது. இது இந்த ஊர் மக்கள் தலைமுறையாகச் சொல்லி வருவது. இரண்டையும் சொல். முதலாவதைச் சொல்லும்போது "நடந்தது" என்று சொல், இரண்டாவதை "இங்குள்ளவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்" என்று சொல். சிரித்துக்கொண்டு சொல்லாதே. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரியோடு நிற்பவர்களில் பாதிப் பேர் சைவர்களும் பௌத்தர்களுமாக இருப்பார்கள். நானும் போயிருக்கிறேன், உன் சாதாரணதரப் பரீட்சைக்கு முதல் வாரம்.

2019 ஏப்ரல் 21ஐப் பற்றிக் கேட்பார்கள். வாசலுக்கு வெளியே நின்று சுருக்கமாகச் சொல்லிவிடு: உயிர்த்த ஞாயிறு, திருப்பலி நேரம், அன்று இதையும் சேர்த்து மூன்று தேவாலயங்களிலும் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது, நாடு முழுவதும் 260க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எந்த இடத்தில் வெடித்தது, எவ்வளவு இரத்தம் என்றெல்லாம் உள்ளே நின்று விரலைக் காட்டி விளக்காதே. உனக்குப் பக்கத்து வாங்கில் இருப்பவர் அன்று யாரையாவது இழந்தவராக இருக்கலாம். சில கைட்மார் அதையே ஒரு காட்சியாக நடத்துகிறார்கள். அவர்களோடு வந்தவர்கள் உடனே தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மேட்டிலுள்ள உல்வெண்டால் தேவாலயத்துக்கு வந்ததும் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: காலையில் பார்த்த கல் கோயில், இந்த வெள்ளைச் சுவர், இனிப் பார்க்கப் போகிற சிவப்புப் பள்ளிவாசல், இந்த மூன்றில் எது மூத்தது? கிட்டத்தட்ட எல்லோரும் கல் கோயில் என்றுதான் சொல்வார்கள். இந்தத் தேவாலயத்தை ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் திறந்தார்கள். பொன்னம்பல முதலியார் முதல் கோயிலைக் கட்டும்போதே இதற்கு நூறு வயது. தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைக் காட்டு. அவற்றில் சில கோட்டைக்குள் இருந்த பழைய ஒல்லாந்த தேவாலயத்திலிருந்து 1813இல் இங்கே கொண்டுவரப்பட்டவை. அதனால் கல்லில் வெட்டியிருக்கும் ஆண்டைப் படித்து, கட்டடம் அதைவிடப் பழசு என்று யாராவது கணக்குப் போட்டால் திருத்து. கட்டடத்தின் வயது வேறு, அதற்குள் இருக்கும் பொருளின் வயது வேறு.

அப்படியே இறங்கி வந்தால் இரண்டாம் குறுக்குத் தெரு. சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்த்ததும் யாருக்கும் முகலாயர் நினைவு வரும். அது 1908, 1909இல் கட்டப்பட்டது. அதாவது கொச்சிக்கடையில் சிற்பிகள் கருங்கல்லைக் கொத்திக்கொண்டிருந்த அதே நாட்களில், நடந்து போகும் தூரத்தில் இங்கே செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கறுப்பும் சிவப்பும் ஒரே வயது. இதைச் சொல்லும்போது குழுவில் ஒருவராவது திரும்பி வந்த வழியைப் பார்ப்பார். தொழுகை நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள், வெள்ளிக்கிழமை நண்பகலில் அந்தப் பக்கமே போகாதே. பெண்கள் தலைக்கு ஒரு துணி எடுத்துவரும்படி முதல் நாளே சொல்லிவிடு.

கடைசியில் காசு. செட்டியார் தெருவில் நகைக்கடைக்காரர் உனக்கும் கொமிஷன் தருவதாகச் சொல்வார். அந்தப் பணம் கடைக்காரரின் பையிலிருந்து வருவதில்லை, வாங்குபவரின் விலையில் ஏறித்தான் வருகிறது. நான் நடைக்கான கட்டணத்தை முதலிலேயே சொல்லிவிடுவேன், கடைக்குக் கூட்டிப் போகமாட்டேன். நகை வாங்க விரும்புகிறவர்கள் நடை முடிந்ததும் தாங்களாகப் போகட்டும். சில இடங்களில் நன்கொடைப் புத்தகம் ஒன்றை நீட்டுவார்கள், முந்தைய பக்கம் முழுக்கப் பத்தாயிரம், இருபதாயிரம் என்று வெளிநாட்டுப் பெயர்களாக இருக்கும். பக்கத்தைப் பார்த்து மிரள வேண்டாம், விரும்பினால் உண்டியலில் போடுங்கள் என்று வாசலுக்கு வர முன்னமே சொல்லிவை. காலிமுகத்திடல் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல். "இன்றைக்கு மட்டும் யானைத் திருவிழா, வாருங்கள்" என்று யாராவது ஓட்டோவோடு வந்து அழைத்தால் ஏறவேண்டாம். பெரஹராவின் திகதியை ஹோட்டலில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

முதல் சனிக்கிழமை நானும் பின்னால் வருகிறேன், வாய் திறக்கமாட்டேன். உல்வெண்டால் மேடு ஏறும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போ. வரும்போது அப்பாவுக்குக் கொஞ்சம் நெத்தலிக் கருவாடு கொண்டுவா, இங்கே விலை கேட்கவே முடியவில்லை.

அன்புடன்,
அம்மா