ரசீதில் எடை சரி, கணக்கில் குறை: பட்டறைப் பேரேடு மென்பொருள் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு
அனுப்புநர்: நகைப்பட்டறை உரிமையாளர், தங்கசாலைத் தெரு பகுதி, சவுகார்பேட்டை, சென்னை

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் பட்டறைக் கணக்கு மென்பொருளை மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை ஒரு முறைகூடத் தாமதமாகக் கட்டியதில்லை. ஜூலை முதல் வாரத்தில் நீங்கள் ஏற்றிய புதுப்பிப்புக்குப் பிறகு, எங்கள் ஆறு பத்தர்களின் தங்க இருப்பும் தப்பாகக் காட்டுகிறது. போனில் நான்கு முறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் "22 காரட் என்றால் 916 தானே சார், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது" என்பதே பதில். அது ஏன் சரியில்லை என்பதை எழுத்திலேயே விளக்கிவிடலாம் என்று இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். கடையிலிருந்து ஆர்டர் வந்ததும் தங்கத்தை உருக்கி, கம்பியாகவும் தகடாகவும் இழுத்து, எடை போட்டுப் பத்தர் கையில் கொடுக்கிறோம். பற்றவைக்கிற பொடியையும் தனியாக நிறுத்துக் கொடுக்கிறோம். வேலை முடிந்ததும் உருப்படி, வெட்டுத் துண்டு, அரப்பொடி மூன்றும் திரும்பி வர வேண்டும். கொடுத்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் சேதாரம். அதில் எவ்வளவு வரை பட்டறை ஏற்கும் என்று பத்தரோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். எங்களிடம் ஆரம் வேலைக்கு, முடிந்த உருப்படியின் எடையில் நூற்றுக்கு மூன்று. அதற்குள் இருந்தால் மிச்சம் பத்தர் வரவு, அதைத் தாண்டினால் அவர் பற்று.

இங்கேதான் டச், அதாவது நூற்றில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற அளவு, வருகிறது. ஹால்மார்க் முத்திரை வாங்கும் 22 காரட் நகையில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம் குறைந்தபட்சம் இருக்க வேண்டும், அதற்குக் கீழே ஒரு புள்ளிகூட இறங்கக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. எண் இல்லாமல் கடையில் நகை விற்க முடியாது என்பதால், சோதனையில் தேறாத உருப்படி எங்களுக்கே திரும்பி வந்துவிடும். பற்றவைக்கிற பொடியில் தங்கம் குறைவு, எங்கள் பொடி 80 டச். அது உருப்படிக்குள் போனதும் மொத்த டச் கொஞ்சம் இறங்கும். அதனால் எங்கள் பட்டறையில் 91.60க்கு உருக்கிக் கொடுக்க மாட்டோம், 92.00க்குத்தான் உருக்குவோம். பத்தர் கைக்குப் போகும்போது 92, உருப்படியாக வரும்போது ஏறக்குறைய 91.8, அரப்பொடி உருக்கினால் 91. ஒரே தங்கம் மூன்று டச்சில் திரும்பி வருகிறது. ஆகவே வெறும் எடையை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது. ஒவ்வொரு வரியையும் அதன் டச்சால் பெருக்கி, சுத்தத் தங்கமாக மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் வரைக்கும் உங்கள் மென்பொருள் இதைத்தான் செய்தது. புதுப்பிப்புக்குப் பிறகு, கொடுக்கும் பக்கத்தில் டச்சை நாங்கள் போடலாம். வரவுப் பக்கத்தில் டச் கட்டம் 91.60 என்று பூட்டிக் கிடக்கிறது, மாற்ற விடுவதில்லை. முழுத் தவறும் இந்த ஒரு கட்டத்தில் இருக்கிறது.

ஆகஸ்டில் எங்கள் மூத்த பத்தர் செய்த ஆறு பவுன் ஆரத்தை எடுத்துக்கொள்கிறேன். கல் இல்லாத வேலை. அவருக்குக் கொடுத்தது 92 டச்சில் 60.000 கிராம், அதாவது சுத்தம் 55.200. பொடி 1.000 கிராம், சுத்தம் 0.800. ஆக அவர் பற்று 56.000 கிராம் சுத்தம். திரும்பி வந்த ஆரம் 48.000 கிராம், டச் மிஷினில் 91.80. சுத்தம் 44.064. வெட்டுத் துண்டும் கம்பி மிச்சமும் 9.000 கிராம், அதில் பொடி படவில்லை, 92 டச்சே. சுத்தம் 8.280. அரப்பொடியை அப்படியே நிறுத்தால் 3.000 கிராம். ஆனால் அதில் அரத்தின் இரும்புத் துகளும் தூசியும் கலந்திருக்கும். காந்தம் ஓட்டி, எரித்து, வெண்காரம் போட்டு உருக்கியபோது 2.600 கிராம் கட்டியானது. 91.00 டச், சுத்தம் 2.366.

மூன்றையும் கூட்டினால் 54.710. சேதாரம் 1.290 கிராம் சுத்தம். ஏற்கக்கூடியது 48 கிராமில் நூற்றுக்கு மூன்று, 1.440 கிராம். 92 டச்சில் அது 1.325 சுத்தம். ஆக அந்த ஆரத்தில் பத்தருக்கு 0.035 கிராம் வரவு. சுத்தமாக, கட்டுக்கோப்பாகச் செய்த வேலை.

உங்கள் மென்பொருள் கணக்கில் கொடுத்தது அதே 56.000. வந்தது எல்லாவற்றையும் 91.60ல் பெருக்குகிறது. ஆரம் 43.968, துண்டு 8.244, அரப்பொடி 2.382, மொத்தம் 54.594. சேதாரம் 1.406 என்று காட்டுகிறது. ஏற்கக்கூடியதையும் 91.60ல் பெருக்கி 1.319 ஆக்கிவிடுகிறது. முடிவில் பத்தர் பெயரில் 0.087 கிராம் பற்று. ஒரே ஆரம், ஒரே தராசு, 0.122 கிராம் வித்தியாசம். அரப்பொடி வரியில் மட்டும் பத்தருக்குச் சிறிது லாபம் வருவதால், மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்குத் தப்பு உடனே தெரியாது.

டச் மிஷினிலேயே பிழை இருக்கலாம் என்று உங்கள் ஊழியர் ஒருவர் சொன்னார். மிஷின் மேற்பரப்பைத்தான் படிக்கும், புள்ளி ஒன்று இரண்டு கூடக் குறையக் காட்டும், அது எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிழை ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் போகும். உங்கள் மென்பொருளின் பிழை ஒவ்வொரு உருப்படியிலும் பத்தருக்கு எதிராகவே சாய்கிறது. சந்தேகம் தீர நானே ஒரு சோதனை செய்தேன். 92 டச் கம்பி 10.000 கிராமை ஒரு பத்தர் பெயரில் கொடுத்ததாகப் பதிந்து, அரம் படாமல், நெருப்பு படாமல், ஐந்து நிமிடத்தில் அதே கம்பியைத் திரும்பி வந்ததாகப் பதிந்தேன். திரையில் 0.040 கிராம் குறை. யாரும் தொடாத தங்கத்தில் குறை காட்டும் பேரேட்டை என்ன செய்வது?

இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அக்டோபரில் மூத்த பத்தர் பெயரில் பதினொரு உருப்படிகளுக்குச் சேர்த்து ஒரு கிராமுக்கு மேல் பற்று நின்றது. அவர் என் அப்பா காலத்திலிருந்து இங்கே உட்காருபவர், தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் நடந்தே வருவார். தீபாவளி முன்பணம் கேட்டார். திரையைப் பார்த்துவிட்டு, "பத்தரே, கணக்கு நேராகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மடித்துணியை உதறி, பலகை இடுக்கைப் பிரஷால் கூட்டி, விழுந்த துகளை ஒரு காகிதத்தில் எடுத்து என் தராசில் வைத்தார். 0.060 கூட வரவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "தம்பி, கொடுத்தது வந்தது ரெண்டும் உங்க எதிர்லதான் எழுதியிருக்கேன், டச்சோட இருக்கு, பார்த்துக்குங்க" என்றார். அந்த நோட்டை வைத்துத்தான் அன்று இரவு பதினொரு உருப்படியையும் கையால் கணக்குப் போட்டேன். அவர் பெயரில் பற்று இல்லை, சிறு வரவுதான் இருந்தது. அடுத்த நாள் காலையில் முன்பணத்தைக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். நாற்பது வருடம் கை சுத்தமாக வேலை செய்த மனிதரை, எதிரில் இருந்த ஐந்து பேர் பார்க்க, துணியை உதற வைத்துவிட்டேன். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் என்னை நம்ப வைத்த எண் உங்களுடையது.

ஆறு பத்தர்களுக்கும் சேர்த்து ஜூலையிலிருந்து 38 உருப்படிகளை இப்படி மறுபடி பார்த்தோம். மொத்தம் 3.940 கிராம் சுத்தத் தங்கம் இல்லாத பற்றாக ஏறியிருக்கிறது, அரைப் பவுனுக்கு 60 மில்லிதான் குறைவு. இதில் இரண்டு இளைய பத்தர்களிடம் செப்டம்பரில் கூலியிலேயே பிடித்துவிட்டேன், இப்போது திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பிடிக்காமல் விட்டிருந்தாலும் தீராது. மாதக் கடைசி இருப்பு அடுத்த மாத ஆரம்ப இருப்பாகப் போவதால், பொய்ப் பற்று தானாக வளர்ந்துகொண்டே இருந்திருக்கும்.

ஆகவே நான் கேட்பது இவை. வரவுப் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் டச்சை நாங்களே போடும்படி அந்தக் கட்டத்தைத் திறந்துவிடுங்கள். ஏற்கக்கூடிய சேதாரத்தைக் கொடுத்த டச்சிலேயே கணக்கிடுங்கள். ஜூலை முதல் பதிந்த 38 உருப்படிகளுக்கும் உண்மையான டச் சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன, நோட்டுப் பக்கங்களின் படத்தோடு இணைத்திருக்கிறேன். உங்கள் ஆளே பட்டறைக்கு வந்து உட்கார்ந்து அவற்றை ஏற்றி, ஆறு பேரின் ஆரம்ப இருப்பையும் சரி செய்யட்டும். பழைய பதிவை அழிக்காமல், திருத்தியது யார், எந்தத் தேதியில் என்று தெரியும்படி செய்ய வேண்டும், பத்தர் கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா? தவறு மென்பொருளில்தான் நடந்தது, பத்தர்கள் கையில் குறை இல்லை என்று உங்கள் நிறுவனத்தின் தாளில் தமிழில் ஒரு கடிதமும் வேண்டும். அதைப் பட்டறைச் சுவரில் ஒட்டுவேன். இந்த ஐந்து மாதத்துக்கான பராமரிப்புக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள்.

பதினைந்து நாளுக்குள் ஆள் வராவிட்டால், மூன்று வருடப் பதிவுகளையும் எக்செல் கோப்பாக எடுத்துக் கொடுத்துவிடுங்கள், வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். அதுவரை பட்டறையில் கைப்பேரேடு ஓடுகிறது. பத்தரின் நோட்டும் என் பேரேடும் தினமும் மாலை ஆறு மணிக்கு அருகருகே வைத்து ஒத்துப் பார்க்கப்படுகின்றன. உங்கள் ஆள் அந்த நேரத்துக்கு வந்தால் இரண்டையும் நேரிலேயே பார்க்கலாம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்
சவுகார்பேட்டை, சென்னை